ஒரே கறுப்புப் புள்ளி, மூன்று அர்த்தங்கள்: புராஸ்டேட் எம்.ஆர்.ஐ.யை எப்படி வாசிக்கிறார்கள்?

புராஸ்டேட் சுரப்பியின் எம்.ஆர்.ஐ. படத்தில் ஓரிடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிகிறது. சுரப்பியின் பின்பக்க விளிம்பில் இருந்தால் அது புற்றுநோயாக இருக்கலாம். நடுப்பகுதியில், சுற்றிலும் தெளிவான கோடு ஓட, உருண்டையாக இருந்தால் வயதான ஆண்களுக்கு வரும் சாதாரண வீக்கத்தின் ஒரு கட்டி. சுரப்பியின் மேற்பகுதியில் இடமும் வலமும் ஒன்றுபோல இருந்தால் பெரும்பாலும் அது நோயே இல்லை. பிறவியிலேயே அமைந்த திசு. புள்ளியின் கறுப்பு மூன்று இடத்திலும் ஒன்றுதான். அது எங்கே இருக்கிறது என்பதை வைத்தே அர்த்தம் மாறுகிறது.

ரேடியாலஜி படிக்க வரும் இளம் மருத்துவர்கள் இந்தப் படத்தின் முன் உட்காரும்போது முதலில் தடுமாறுவது இங்கேதான். கறுப்பாகத் தெரிவதையெல்லாம் குறித்துக்கொண்டே போனால், ஒரே நோயாளிக்கு ஐந்தாறு சந்தேகப் புள்ளிகள் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றிலும் ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டும் என்றாகும். எதைக் குறிக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதற்கு உலகம் முழுவதும் ஒரு பொது விதிமுறை இருக்கிறது. அதன் பெயர் பைராட்ஸ். முதல் வடிவம் 2012இல் ஐரோப்பாவில் வந்தது. அமெரிக்க அமைப்புகளும் சேர்ந்து 2015இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டன. 2019இல் அது திருத்தப்பட்டது. சந்தேகத்தை 1 முதல் 5 வரை மதிப்பெண்ணாகச் சொல்வது இந்த முறை. புற்றுநோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றால் 1, மிக அதிகம் என்றால் 5.

மதிப்பெண் போடுவதற்கு மூன்று வகைப் படங்கள் பயன்படுகின்றன. சுரப்பியின் உள்ளமைப்பைத் துல்லியமாகக் காட்டும் டி2 படம் ஒன்று. திசுவுக்குள் தண்ணீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று காட்டும் டிஃப்யூஷன் படம் இன்னொன்று. ரத்தக்குழாயில் ஏற்றிய மருந்து எந்த நேரத்தில் எங்கே பாய்கிறது என்று காட்டும் கான்ட்ராஸ்ட் படம் மூன்றாவது. மூன்றுக்கும் சம உரிமை கிடையாது. சுரப்பியின் எந்தப் பகுதியில் புள்ளி இருக்கிறதோ, அதைப் பொறுத்து எந்தப் படத்தின் சொல் எடுபடும் என்பது தீர்மானமாகிறது. பயிற்சி மருத்துவர் முதலில் மனதில் ஏற்ற வேண்டியது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

சுரப்பியின் வரைபடம்

புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கிறது. ஜான் மெக்நீல் என்ற நோய்க்கூறியல் மருத்துவர் இதை மண்டலங்களாகப் பிரித்துக் காட்டினார். இன்றைக்கு எம்.ஆர்.ஐ. வாசிப்பவர்கள் பயன்படுத்துவது அவருடைய வரைபடத்தைத்தான். பின்பக்கமும் பக்கவாட்டிலும் மலக்குடலை ஒட்டி வளைந்திருப்பது புற மண்டலம். இளைஞர் ஒருவரின் சுரப்பித் திசுவில் ஏறக்குறைய 70 சதவீதம் இதில்தான் இருக்கிறது. புற்றுநோயிலும் கிட்டத்தட்ட அதே அளவு இங்கேதான் தோன்றுகிறது. சிறுநீர்க்குழாயின் இருபுறமும் இருப்பது இடை மண்டலம். இளமையில் மிகச் சிறியது. ஐம்பது வயதுக்கு மேல் உருண்டை உருண்டையாகப் பெருத்து, மற்ற மண்டலங்களை ஓரத்துக்குத் தள்ளிவிடும். விந்து வெளியேற்றும் குழல்களைச் சுற்றி, சுரப்பியின் மேற்பகுதியில் அமைந்தது மைய மண்டலம். இங்கே புற்றுநோய் தோன்றுவது அரிது.

புற மண்டலம் நுண்குழல்களால் ஆனது. அவற்றுக்குள் திரவம் நிறைந்திருப்பதால் டி2 படத்தில் அது வெண்மையாகத் தெரியும். புற்றுநோய் வந்தால் உயிரணுக்கள் நெருக்கி வளர்ந்து குழல்களை அடைத்துவிடும். திரவம் இருந்த இடம் குறையும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு தென்படும். ஆனால் பழைய அழற்சி, தழும்பு, ரத்தக்கசிவு, திசுச் சுருக்கம் ஆகியவையும் அதே கறுப்பைக் கொடுக்கும். புற மண்டலத்தில் டி2 படத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாமல் போவது இதனால்தான். இங்கே இறுதிச் சொல் டிஃப்யூஷனுடையது.

தண்ணீரின் நடமாட்டம்

உடலில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைந்துகொண்டே இருக்கின்றன. ஆளில்லாத மைதானத்தில் நடப்பவர் ஒரு நிமிடத்தில் வெகுதூரம் போய்விடுவார். தேர்த் திருவிழா நெரிசலில் சிக்கியவர் அதே ஒரு நிமிடத்தில் நாலடிகூட நகர்ந்திருக்க மாட்டார். திரவம் நிறைந்த நல்ல திசுவில் தண்ணீருக்கு மைதானம் கிடைக்கிறது. உயிரணுக்கள் அடைந்து கிடக்கும் புற்றுக்கட்டியில் நெரிசல்தான்.

இந்த வித்தியாசத்தை எம்.ஆர்.ஐ. கருவி சிக்னல் இழப்பாக அளக்கிறது. காந்தப்புலத்தில் ஒரு சரிவை ஒரு நொடியின் சிறு பங்கு நேரம் உண்டாக்கி, பிறகு அதற்குச் சமமான இன்னொரு சரிவால் அதைச் சரிக்கட்டுகிறார்கள். நகராமல் நின்ற தண்ணீரின் சிக்னல் முழுதாகத் திரும்பிவிடும். இடைப்பட்ட நேரத்தில் தூரம் போய்விட்ட தண்ணீரின் சிக்னல் திரும்பாது. அந்தச் சரிவு எவ்வளவு பலமாக இருந்தது என்பதைச் சொல்லும் எண்தான் பி மதிப்பு. திரையில் அது b50, b800, b1400 என்று எழுதியிருக்கும். பி மதிப்பு ஏற ஏற, நகரும் தண்ணீரின் சிக்னல் மேலும் மேலும் மங்கும்.

பி மதிப்பை எதற்காக 1400 வரை ஏற்ற வேண்டும் என்று பயிற்சிக்கு வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். b50 படத்தில் நல்ல புற மண்டலத்தின் சிக்னல் 100 என்று வைத்துக்கொள்வோம். திரவம் நிறைந்தது என்பதால் அது வெளிச்சமாகவே தொடங்குகிறது. கட்டி டி2இல் கறுப்பு என்பதால் அதன் சிக்னல் 60இல் தொடங்குகிறது. தண்ணீர் தாராளமாக நகரும் நல்ல திசுவின் சிக்னல் b800இல் 30 ஆகச் சரியும். கட்டியின் சிக்னல் 36 வரைதான் இறங்கும். 30க்கும் 36க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். b1400க்குப் போனால் நல்ல திசு 12க்கு விழுந்துவிடும், கட்டி 23இல் நிற்கும். இப்போது கட்டி இரண்டு மடங்கு வெளிச்சம். இருண்ட பின்னணியில் ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்சென்று எழுந்து நிற்கிறது. உயர் பி படம் 1400க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று பைராட்ஸ் கேட்பதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். அதை நேரடியாகவும் எடுக்கலாம். குறைந்த பி படங்களிலிருந்து கணினியில் கணக்கிட்டும் உருவாக்கலாம்.

வெள்ளையாகத் தெரிந்தாலே கட்டி என்று முடிவுகட்டவும் முடியாது. ஆரம்பத்திலேயே மிக வெளிச்சமாக இருக்கும் திசு, பாதி மங்கிய பிறகும் வெள்ளையாகவே தெரியலாம். இந்த ஏமாற்று வெளிச்சத்தை விலக்குவதற்காக, குறைந்த பி படத்தையும் அதிக பி படத்தையும் ஒப்பிட்டு ஒவ்வொரு புள்ளியிலும் சிக்னல் எந்த வேகத்தில் குறைந்தது என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கை வரைபடமாக்கியதுதான் ஏடிசி படம். வேகமாகக் குறைந்த இடம் அதில் வெள்ளை. குறையாமல் நின்ற இடம் கறுப்பு. திரையில் ஓரிடத்தைத் தொட்டால் அந்த இடத்தின் எண் வரும். நல்ல புற மண்டலத்தில் 1,500 அல்லது 1,600 என்ற அளவில் இருக்கும்; அலகு, விநாடிக்குச் சதுர மைக்ரோமீட்டர். 750 முதல் 900 வரை இருக்கும் எல்லைக்கோட்டுக்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும். கருவிக்குக் கருவி எண் மாறும் என்பதால் இதை ஒரு துணையாகத்தான் கொள்ள வேண்டும். தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

ஆக, ஏடிசியில் கறுப்பு, உயர் பி படத்தில் வெள்ளை என்று இரண்டும் ஒரே இடத்தில் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் மட்டும் தெரிந்தால் சந்தேகம் பாதிதான்.

புள்ளியா, கோடா?

புற மண்டலத்தில் மதிப்பெண் போடும்போது நிறத்தோடு வடிவத்தையும் பார்க்கிறார்கள். விளிம்பிலிருந்து உள்நோக்கிக் குறுகும் ஆப்பு வடிவமும், நீண்ட கோடும் பெரும்பாலும் பழைய அழற்சியின் அடையாளங்கள். அவற்றுக்கு 2. சுற்றியுள்ள திசுவிலிருந்து தனித்துத் தெரியும் ஒரு குவிந்த புள்ளியாக இருந்து, ஏடிசியிலோ உயர் பி படத்திலோ ஏதாவது ஒன்றில் மட்டும் மிக அழுத்தமாகத் தெரிந்தால் அல்லது இரண்டிலுமே மிதமாகத் தெரிந்தால் 3. இரண்டிலும் மிக அழுத்தமாகத் தெரிந்தால் 4. அதே புள்ளி 1.5 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது சுரப்பியின் உறையைத் தாண்டி வெளியே பரவியிருப்பது உறுதியாகத் தெரிந்தால் 5.

‘மிக அழுத்தமாக’ என்ற சொல்லை ஆளுக்கு ஆள் ஒரு விதமாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் 2019 திருத்தத்தில் அதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தார்கள்: அதே மண்டலத்தில் உள்ள வேறெந்தப் புள்ளியையும்விடத் தூக்கலாகத் தெரிய வேண்டும். இதைப் பார்ப்பதற்கு முன் திரையின் வெளிச்ச அளவைச் சரியாக வைத்துக்கொள்வது அவசியம். ஏடிசி படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டால் கட்டி சாம்பலாகிவிடும். குறைத்துவிட்டால் சுரப்பி முழுவதும் கட்டியாகத் தெரியும். அனுபவம் உள்ளவர்கள் தங்கள் கருவிக்கு ஒரே அளவை நிர்ணயித்து, எல்லா நோயாளிகளின் படங்களையும் அதே அளவில்தான் பார்க்கிறார்கள்.

மருந்து எப்போது வந்து சேர்கிறது?

கான்ட்ராஸ்ட் படத்துக்குக் கையில் உள்ள சிரை வழியாகக் காடோலினியம் கலந்த மருந்தை ஏற்றுகிறார்கள். ஏற்றத் தொடங்கியதும் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறார்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 15 விநாடிக்கு மேல் போகக் கூடாது. மொத்தம் இரண்டு நிமிடமாவது எடுக்க வேண்டும். புற்றுக்கட்டி தனக்கென்று புதிய ரத்தக்குழாய்களை உருவாக்கிக்கொள்கிறது. அவசரத்தில் வளர்ந்த அந்தக் குழாய்களின் சுவர் ஒழுகும். எனவே மருந்து நல்ல திசுவை அடைவதற்கு முன்பே கட்டிக்குள் புகுந்து வெளிச்சம் காட்டும். அடித்தொடைத் தமனியில் மருந்து தெரிந்த 10 விநாடிக்குள் கட்டியிலும் தெரிந்துவிடுவது வழக்கம்.

வெளிச்சம் ஏறி, பிறகு எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று வரைகோடு போட்டு, அதன் வடிவத்தை வைத்து வகைப்படுத்துவது முன்பு நடைமுறையில் இருந்தது. நல்ல திசுவும் கட்டியும் பல சமயம் ஒரே மாதிரி வரைகோட்டைக் கொடுத்ததால், இன்றைய விதிமுறையில் அதற்கு மதிப்பெண் இல்லை. இப்போது கேட்பது ஆம், இல்லை என்ற ஒரே கேள்வி. பக்கத்துத் திசுவுக்கு முன்போ அதோடு ஒரே நேரத்திலோ, ஒரு குவிந்த இடத்தில் வெளிச்சம் வந்ததா? அந்த இடம் டி2 அல்லது டிஃப்யூஷனில் சந்தேகப்பட்ட அதே இடமா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் கான்ட்ராஸ்ட் நேர்மறை. சுரப்பி முழுக்கப் பரவலாக வெளிச்சம் வந்தால் அது எதிர்மறை.

நேர்மறை என்றாலும் அதற்கு உள்ள அதிகாரம் மிகக் குறுகியது. புற மண்டலத்தில், டிஃப்யூஷன் 3 என்று தயங்கி நிற்கும்போது மட்டும் அது அந்த மதிப்பெண்ணை 4 ஆக உயர்த்தும். 2ஐ உயர்த்தாது, 4ஐக் குறைக்காது. இடை மண்டலத்தில் அதற்கு வாக்கே கிடையாது. காரணம் எளிது: வயதானவர்களின் இடை மண்டலத்தில் வளரும் சாதாரணக் கட்டிகளிலும் ரத்த ஓட்டம் அதிகம், அவையும் சீக்கிரமே வெளிச்சம் காட்டும்.

நடுப்பகுதியில் வேறு சட்டம்

இடை மண்டலத்தில் டிஃப்யூஷனும் தடுமாறும். சாதாரண வீக்கத்தில் வரும் கட்டிகளில் சில, தசைநார்த் திசுவால் ஆனவை. அவற்றுக்குள்ளும் தண்ணீருக்கு நெரிசல்தான். ஏடிசியில் புற்றுக்கட்டியைப் போலவே கறுக்கும். அதனால் இங்கே முதல் சொல் டி2 படத்துடையது. முழுமையான உறையோடு உருண்டையாக இருக்கும் கட்டிக்கு 1. உறை பெரும்பாலும் இருந்தும் முழுமையாக இல்லையென்றால், அல்லது உறையே இல்லாமல் விளிம்பு மட்டும் தெளிவாக இருந்தால் 2. விளிம்பு மங்கி, பலவிதமான சாயல்கள் கலந்திருந்தால் 3. கரிக்கோட்டை விரலால் தேய்த்துவிட்டதுபோல் விளிம்பு கலைந்து, உள்ளே ஒரே சீரான மிதமான கறுப்பாக, இருபக்கக் குவிவில்லை வடிவத்தில் இருந்தால் 4, அதுவே 1.5 சென்டிமீட்டரைத் தொட்டால் 5.

இங்கே டிஃப்யூஷன் செய்வது உதவி மட்டும். டி2 மதிப்பெண் 2 என்றிருக்கும் கட்டிக்கு டிஃப்யூஷன் 4 அல்லது 5 காட்டினால் அது 3 ஆகும். டி2 மதிப்பெண் 3 என்றிருந்து டிஃப்யூஷன் 5 காட்டினால் 4 ஆகும். டி2 மதிப்பெண் 1 என்றால் டிஃப்யூஷன் என்ன சொன்னாலும் எடுபடாது.

ஒரு நோயாளி, மூன்று புள்ளிகள்

பயிற்சிக்காக ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்ளலாம். வயது 64. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு 6.8. இதுவரை பயாப்ஸி எடுத்ததில்லை. டி2 படத்தில் சுரப்பியை மூன்று திசையிலும் அளந்தால் 4.8, 4.4, 3.8 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி, முட்டை வடிவத்துக்கான 0.52 என்ற எண்ணாலும் பெருக்கினால் சுரப்பியின் கொள்ளளவு சுமார் 42 மில்லிலிட்டர். பி.எஸ்.ஏ.வைக் கொள்ளளவால் வகுத்தால் 0.16. இந்த எண் பின்னால் தேவைப்படும்.

சந்தேகப் புள்ளிகளைத் தேடும் முன், படம் வாசிக்கத் தகுதியானதா என்று பார்க்க வேண்டும். மலக்குடலில் காற்று நிறைந்திருந்தால் காற்றும் திசுவும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் கலைந்து, டிஃப்யூஷன் படத்தில் சுரப்பியின் பின் விளிம்பு நசுங்கியும் இழுபட்டும் போகும். பாதிக்கப்படுவது மலக்குடலை ஒட்டிய புற மண்டலம். டிஃப்யூஷனை நம்பியே வாசிக்க வேண்டிய அதே இடம். டி2 படத்தையும் டிஃப்யூஷன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுரப்பியின் வெளிக்கோடு இரண்டிலும் பொருந்துகிறதா என்று பார்த்தால் கோளாறு தெரிந்துவிடும். பொருந்தவில்லை என்றால் நோயாளியைக் கழிப்பறைக்கு அனுப்பி, காற்றை வெளியேற்றச் சொல்லி, மறுபடி எடுப்பதே நல்லது. நம் நோயாளியின் படத்தில் கோடு பொருந்துகிறது.

முதல் புள்ளி வலப்பக்கம், சுரப்பியின் நடு உயரத்தில், பின்பக்கப் புற மண்டலத்தில் இருக்கிறது. குறுக்களவு 9 மில்லிமீட்டர். ஏடிசியில் மிகக் கறுப்பு. தொட்டுப் பார்த்தால் 820. எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தில் 1,550. உயர் பி படத்தில் வெள்ளைதான், ஆனால் லேசான வெள்ளை. ஒன்றில் அழுத்தம், மற்றொன்றில் மிதம் என்பதால் டிஃப்யூஷன் மதிப்பெண் 3. இது புற மண்டலம், மதிப்பெண் 3. இப்போதுதான் கான்ட்ராஸ்ட் படத்தைத் திறக்க வேண்டிய வேளை. 8 விநாடிக்கு ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். நாலாவது படத்தில் தொடைத் தமனி வெளிச்சமாகிறது. ஐந்தாவதில் இந்தப் புள்ளி வெளிச்சமாகிறது. சுற்றியுள்ள திசு இன்னும் இருட்டு. அது வெளிச்சமாவது ஏழாவது படத்தில்தான். கான்ட்ராஸ்ட் நேர்மறை. மருந்து ஏற்றும் முன் எடுத்த டி1 படத்திலும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்: அங்கே ரத்தக்கசிவின் வெள்ளை இல்லை. இறுதி மதிப்பெண் 4.

இரண்டாவது, இடப்பக்கப் புற மண்டலத்தில் இருக்கிறது. ஏடிசியில் லேசாகக் கறுத்து, விளிம்பில் அகன்று, உள்ளே போகப் போகக் குறுகும் ஆப்பு வடிவம். கான்ட்ராஸ்ட் ஏறியதும் இதுவும் சீக்கிரமே வெளிச்சமாகிறது. புதிதாகப் படிப்பவர் கை இங்கே 3 என்றோ 4 என்றோ எழுதத் துடிக்கும். விதிமுறை அதை அனுமதிக்கவில்லை. டிஃப்யூஷன் மதிப்பெண் 2, கான்ட்ராஸ்ட் அதை உயர்த்த முடியாது, 2ஆகவே நிற்கிறது. அழற்சி உள்ள இடத்துக்கும் ரத்தம் அதிகம் வரும் என்பதுதான் அந்தச் சீக்கிர வெளிச்சத்தின் காரணம்.

மூன்றாவது புள்ளிதான் கண்ணை அதிகம் ஏமாற்றும். இடப்பக்க இடை மண்டலத்தில் 14 மில்லிமீட்டர் உருண்டை. ஏடிசி 700, முதல் புள்ளியைவிடக் கறுப்பு. உயர் பி படத்தில் அதைவிட வெள்ளை. மருந்தும் முந்திக்கொண்டு பாய்கிறது. மூன்று அறிகுறியும் இருக்கின்றன. ஆனால் டி2 படத்தில் அதைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு எங்கும் அறுபடாமல் ஓடுகிறது. குறுக்குவெட்டில் மட்டும் பார்த்துவிட்டு நம்பிவிடக் கூடாது; நெடுக்குவெட்டிலும் அந்தக் கோடு முழுதாக இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். இருக்கிறது. டி2 மதிப்பெண் 1. டிஃப்யூஷனும் கான்ட்ராஸ்டும் எவ்வளவு உரக்கச் சொன்னாலும் இறுதி மதிப்பெண் 1தான்.

படம் முழுவதிலும் மிகக் கறுப்பான புள்ளிக்கு 1. அதைவிடக் கறுப்புக் குறைந்த புள்ளிக்கு 4. இருக்குமிடத்தைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்திருந்தால் வரிசை தலைகீழாகியிருக்கும். பயாப்ஸி ஊசி தவறான பக்கத்துக்குப் போயிருக்கும்.

அறிக்கையில் முதல் புள்ளியின் இடம், அளவு, எந்தப் படவரிசையில் எத்தனையாவது படத்தில் தெளிவாகத் தெரிகிறது என்பதெல்லாம் எழுதப்படும். பயாப்ஸி எடுக்கும் சிறுநீரக அறுவை மருத்துவர் அந்த இடத்தைக் குறிவைத்து ஊசி செலுத்துவார். 4 என்பது புற்றுநோய் என்ற தீர்ப்பல்ல. வெளியான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மதிப்பெண் 4 பெற்ற ஆண்களில் சுமார் பாதிப் பேருக்குத்தான் சிகிச்சை தேவைப்படும் தரத்திலான புற்றுநோய் பயாப்ஸியில் தெரிகிறது. 3 என்றால் ஆறில் ஒருவர், ஐந்தில் ஒருவர் என்ற அளவு. அங்கேதான் முன்பு கணக்கிட்ட 0.16 கைகொடுக்கிறது. மதிப்பெண் 3இல் நிற்கும் ஒருவருக்குப் பி.எஸ்.ஏ. அடர்த்தி 0.15ஐத் தாண்டியிருந்தால் பயாப்ஸியின் பக்கம் தராசு சாய்கிறது. அதற்குக் கீழே நன்றாகக் குறைந்திருந்தால் கண்காணித்துப் பார்க்கலாம் என்று பேச இடம் கிடைக்கிறது.

வேஷம் போடும் திசுக்கள்

விதிமுறையை ஒழுங்காகப் பின்பற்றினாலும் ஏமாற்றும் சில நிலைமைகள் உண்டு. அவற்றில் முதலாவது மைய மண்டலம். இயல்பாகவே அடர்ந்த திசு என்பதால் டி2இலும் ஏடிசியிலும் கறுக்கும். இடை மண்டலம் பெருத்து ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டால், ஒரு பக்கம் மட்டும் கட்டி இருப்பதுபோலவே தெரியும். அறுக்காத நெடுக்குவெட்டில், அதாவது முன்னிருந்து பார்க்கும் கோணத்தில், விந்துக்குழல்களின் இருபுறமும் அது சமமாக இறங்குகிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீரும். கான்ட்ராஸ்ட் படத்தில் அது சீக்கிரம் வெளிச்சமாகாது என்பதும் உதவும்.

இரண்டாவது, பயாப்ஸிக்குப் பிந்தைய ரத்தக்கசிவு. சதை எடுத்த இடத்தில் ரத்தம் தேங்கி, டி2இலும் ஏடிசியிலும் கறுப்பைக் கொடுக்கும். டி1 படத்தில் ரத்தம் வெள்ளையாகத் தெரிவதால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நல்ல புராஸ்டேட் திசுவில் சிட்ரேட் அதிகம். அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். அதனால் ரத்தம் அங்கே நெடுநாள் தங்கும். புற்றுக்கட்டியில் சிட்ரேட் குறைவு என்பதால் ரத்தம் அதற்குள் அதிகம் தங்காது. டி1இல் சுற்றிலும் வெள்ளையாக இருக்க, நடுவில் ஒரு சிறு இடம் மட்டும் வெள்ளை ஏறாமல் இருந்து, டி2இல் அதே இடம் கறுப்பாக இருந்தால், தேட வேண்டியது அந்த இடத்தைத்தான். பயாப்ஸிக்குப் பிறகு குறைந்தது ஆறு வாரமாவது கழித்து எம்.ஆர்.ஐ. எடுப்பது நல்லது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, நம் நாட்டில் மறந்துவிடக் கூடாத ஒன்று: காசநோய். காசநோய்க் கிருமி புராஸ்டேட்டைத் தாக்கினாலும், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தியிருந்தாலும், புராஸ்டேட்டில் முடிச்சு முடிச்சான அழற்சி வரலாம். ஏடிசியில் மிகக் கறுப்பு, உயர் பி படத்தில் மிக வெள்ளை, சீக்கிர வெளிச்சம் என்று புற்றுநோயின் எல்லா அடையாளத்தையும் அது காட்டும். மதிப்பெண் 5 வரை போகும். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது பெரும்பாலும் முடியாது. நோயாளிக்கு முன்பு காசநோய் இருந்ததா, பி.சி.ஜி. செலுத்தினார்களா என்ற கேள்விக்கான பதில் அறிக்கை எழுதுபவரின் கையில் இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் பயாப்ஸி தேவைப்படும். ஆனால் பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை என்று வந்தால், ஊசி குறி தவறிவிட்டதோ என்று திரும்பத் திரும்பக் குத்தாமல் இருக்க அந்தத் தகவல் உதவும்.

மருந்து இல்லாமலே வாசிக்கலாமா?

பி.எஸ்.ஏ. கூடியவுடன் எம்.ஆர்.ஐ. எடுக்காமலே அல்ட்ராசவுண்ட் உதவியோடு சுரப்பியின் பல இடங்களில் ஊசி போடுவதுதான் நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் நடந்த ப்ராமிஸ் ஆய்வு 2017இல் வெளியானபோது அந்த வழக்கம் ஆட்டம் கண்டது. 576 ஆண்களுக்கு எம்.ஆர்.ஐ., வழக்கமான பயாப்ஸி, சுரப்பி முழுவதையும் நெருக்கமாகச் சோதிக்கும் விரிவான பயாப்ஸி ஆகிய மூன்றையும் செய்து ஒப்பிட்டார்கள். ஆபத்தான தரத்துப் புற்றுநோயில் 93 சதவீதத்தை எம்.ஆர்.ஐ. பிடித்தது, வழக்கமான பயாப்ஸி பிடித்தது 48 சதவீதம். எம்.ஆர்.ஐ.யை முதலில் எடுத்தால் நால்வரில் ஒருவருக்குப் பயாப்ஸியே தேவைப்படாது என்றும் அந்த ஆய்வு காட்டியது.

அதற்குப் பிறகு எழுந்த கேள்வி கான்ட்ராஸ்டைப் பற்றியது. புற மண்டலத்தில் 3ஐ 4 ஆக்கும் ஒரே வேலைக்காக எல்லோருக்கும் ஊசி மருந்து ஏற்ற வேண்டுமா? மருந்துக்குச் செலவாகிறது; நேரமும் ஆகிறது; சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு யோசித்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. பல நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ப்ரைம் ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. ரேடியாலஜிஸ்டுகள் முதலில் டி2, டிஃப்யூஷன் படங்களை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். பிறகு கான்ட்ராஸ்ட் படத்தையும் சேர்த்து இன்னொரு முறை போட்டார்கள். ஆபத்தான தரத்துப் புற்றுநோய் இரண்டு முறையிலும் 29 சதவீத ஆண்களில் தெரிந்தது.

இதை வைத்துக் கான்ட்ராஸ்டை எல்லோருக்கும் நிறுத்திவிடலாம் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் அதுவரை பயாப்ஸி எடுக்காதவர்கள். டிஃப்யூஷன் படங்களின் தரமும் முன்கூட்டியே சோதிக்கப்பட்டது. இடுப்பில் உலோக மூட்டு பொருத்தியிருப்பவருக்கு டிஃப்யூஷன் படம் சிதைந்துபோகும். அங்கே கான்ட்ராஸ்ட்தான் துணை. அறுவைச் சிகிச்சையில் சுரப்பியையே எடுத்துவிட்ட பிறகு பி.எஸ்.ஏ. மறுபடி ஏறினால், எடுத்த இடத்தில் மிச்சம் இருக்கும் சிறு கட்டியைக் காட்டிக்கொடுப்பதிலும் அதற்கு முதலிடம். கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்த படத்தில் புற மண்டலத்தில் டிஃப்யூஷன் 3 என்று வந்தால், அது 3ஆகவே நிற்கும். உயர்த்திப் பார்க்க வழியில்லை. நம் கற்பனை நோயாளியின் முதல் புள்ளிக்கும் அப்போது அதே மதிப்பெண்தான் கிடைத்திருக்கும். அவரைப் பயாப்ஸிக்கு அனுப்பும் முடிவு முழுக்க அந்த 0.16ஐயும், அவருடைய குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்ற விவரத்தையும் நம்பியே எடுக்கப்பட்டிருக்கும்.